கல்யாணத்துக்கு முன்பே குழந்தையைப் பற்றி எழுதிக் கேட்கலாமா?

"எனக்கு 29 வயது, அவருக்கு 32. பெரியவர்கள் பார்த்துப் பேசிய சம்பந்தம். ஆவணியில் நிச்சயம் முடிந்தது, தை மாதம் கல்யாணம். நான் கோவையில் வேலை பார்க்கிறேன், அவர் சென்னையில். தினமும் இரவு போனில் பேசுகிறோம். நல்ல மாதிரி. எனக்குக் குழந்தை வேண்டும், ஆனால் உடனே வேண்டாம். என் தம்பியின் படிப்புக் கடனை நான்தான் கட்டுகிறேன், அது முடிய மூன்று வருடம் ஆகும். கடன் விஷயம் அவருக்குத் தெரியும். தெரியாதது இன்னொன்று: 22 வயதில் எனக்கு நீர்க்கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். மாதவிடாய் இரண்டு மாதம் தள்ளிப் போவதும் உண்டு. எனக்குக் குழந்தை பிறப்பதே சந்தேகம்தான். அம்மா, 'இதையெல்லாம் இப்போ சொல்லாதே, கல்யாணம் ஆனப்புறம் பக்குவமாச் சொல்லிக்கலாம்' என்கிறார். நிச்சயத்தன்று அவருடைய அம்மா, 'அடுத்த வருஷம் பேரனைக் கொஞ்சணும்' என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து தூக்கம் இல்லை. வாயால் கேட்க வரவில்லை. வாட்ஸ்அப்பில் இப்படி எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை: 'கல்யாணம் ஆனதும் குழந்தை வேணும்னு எதிர்பார்ப்பீங்களா? எனக்கு இப்போ அதுல பெரிய ஆர்வம் இல்ல. பரவாயில்லையா?' இதை அனுப்பலாமா, மேடம்?"

அனுப்ப வேண்டாம். எழுதுவது என்ற உங்கள் முடிவு சரி. எழுதியிருப்பதைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த மாதிரி விஷயத்தை நேரில்தான் பேச வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. உங்கள் நிலையில் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாய்ப்பேச்சில் நாம் எதிராளியின் முதல் மூச்சைக் கேட்டுவிட்டே அடுத்த வார்த்தையை மாற்றுகிறோம். அவர் ஒரு கணம் மௌனமானால் போதும், நீங்கள் "இல்ல, சும்மாதான் கேட்டேன்" என்று முடித்துவிடுவீர்கள். எழுதினால், சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லலாம். அவருக்கும் முகத்தை ஒளித்துக்கொண்டு யோசிக்க இடம் கிடைக்கும். ஆனால் எழுத்துக்கு ஒரு வேலைதான்: பேச்சைத் தொடங்கி வைப்பது. முடிவை எழுத்தில் எடுக்கக் கூடாது, அதைப் பேசித்தான் எடுக்க வேண்டும்.

உங்கள் மூன்று வரியில் என்ன சிக்கல்

அதை அவர் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். "எதிர்பார்ப்பீங்களா?" என்று ஆரம்பிக்கிறது. தான் ஏதோ கட்டாயப்படுத்தப் போவதாக நீங்கள் முன்கூட்டியே பயப்படுகிறீர்கள் என்று அவருக்குப் படும். அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லையே! சொன்னது அவருடைய அம்மா. அம்மா சொன்னதற்கு மகனிடம் பதில் கேட்பது போல ஆகிவிடுகிறது.

அடுத்து, "பெரிய ஆர்வம் இல்ல." இது உண்மையே இல்லை. எனக்கு எழுதும்போது "குழந்தை வேண்டும், உடனே வேண்டாம்" என்று தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு எழுதும்போது கூச்சத்தில் அது சுருங்கி, குழந்தையே வேண்டாம் என்பது போல ஆகிவிட்டது. இந்தப் பேச்சில் நான்கு நிலை உண்டு: இப்போதே வேண்டும், கொஞ்ச காலம் கழித்து வேண்டும், இன்னும் தெரியவில்லை, வேண்டவே வேண்டாம். நான்கும் வேறு வேறு. நீங்கள் எதில் நிற்கிறீர்கள் என்பது முதல் படிப்பிலேயே அவருக்குப் புரிய வேண்டும். என்னிடம் வருகிறவர்களின் சண்டைகளில் பல, இரண்டாவது நிலையில் இருப்பவர் நான்காவது மாதிரிப் பேசியதால் வந்தவை.

கடைசியாக "பரவாயில்லையா?" நிச்சயமான பெண் இப்படிக் கேட்டால் எந்த மாப்பிள்ளையும் "பரவாயில்ல" என்றுதான் சொல்வார். அது மரியாதைக்குச் சொல்கிற பதில். அதை நம்பி மூன்று வருடத்தைத் திட்டமிட முடியாது.

நீர்க்கட்டி பற்றி நீங்கள் நினைத்திருப்பது

கடிதத்துக்குப் போகும் முன் இதைச் சரிசெய்ய வேண்டும். தவறான தகவலை அவருக்கும் எழுதிவிடக் கூடாது, இல்லையா?

நீர்க்கட்டி, அதாவது பிசிஓடி, சுமார் பத்துப் பெண்களில் ஒருவருக்கு இருப்பது. பெயரில் கட்டி என்று இருந்தாலும் அது கட்டியே இல்லை. சினைப்பையில் முழுதாக வளராமல் நிற்கும் சிறிய முட்டைப்பைகள்தான் ஸ்கேனில் அப்படித் தெரிகின்றன. முட்டை மாதாமாதம் வெளிவராததால் மாதவிடாய் தள்ளிப் போகிறது. எந்த மாதம் வெளிவரும் என்று சொல்ல முடியாததால் கருத்தரிக்கக் காலம் பிடிக்கலாம். பலர் சிகிச்சை இல்லாமலே தாயாகிறார்கள். மற்றவர்களில் நிறையப் பேருக்கு, முட்டை வெளிவர ஐந்து நாள் சாப்பிடும் லெட்ரோசோல் போன்ற மாத்திரையிலேயே பலன் கிடைக்கிறது. ஆகவே "குழந்தை பிறப்பதே சந்தேகம்" என்று எழுதாதீர்கள். "தாமதமாகலாம், சிகிச்சை இருக்கிறது" என்பதே சரியான வாக்கியம்.

இதே தவறான எண்ணத்துக்கு இன்னொரு முனையும் இருக்கிறது. "எனக்குத்தான் தரிக்காதே" என்று நினைத்துக் கருத்தடை இல்லாமல் இருந்துவிட்டு, எதிர்பாராமல் கர்ப்பமாகி வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். முட்டை எப்போதாவது வெளிவருகிறது என்றால், எப்போது வேண்டுமானாலும் வெளிவரலாம். மூன்று வருடம் தள்ளிப்போட வேண்டுமானால் கருத்தடை முறை ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ஏழு வருடத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கவலைப்படாமல், இந்த மாதமே ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு மேல் மாதவிடாய் வராமல் விடவும் கூடாது. கர்ப்பப்பையின் உள்படலம் தடித்துக்கொண்டே போகும்.

வயதுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடம் கழித்து உங்களுக்கு 32, கிட்டத்தட்ட 33. கருத்தரிக்கும் வாய்ப்பு குறிப்பாகக் குறையத் தொடங்குவது 35-ஐ ஒட்டி. எனவே உங்கள் கணக்கு நடக்கக்கூடியதே. ஆனால் நீர்க்கட்டி இருப்பவருக்குத் தாமதத்துக்கும் கொஞ்சம் இடம் விட வேண்டும். மூன்றை நாலாகவும் ஐந்தாகவும் நீட்டும் வசதி உங்களுக்கு அவ்வளவாக இல்லை.

அம்மா சொல்வதும் சட்டம் சொல்வதும்

கல்யாணத்துக்குப் பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்கிறார் உங்கள் அம்மா. பெண்ணைப் பெற்றவரின் பயம் அது, அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் "பிறகு" எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். என்னிடம் வந்த ஒரு தம்பதி, கல்யாணமாகிப் பதினான்கு மாதம். அந்தப் பெண்ணும் உங்களைப் போல இரண்டு வருடம் போகட்டும் என்று நினைத்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. ஒருநாள் சில்லறை தேடிய கணவர், அவளுடைய கைப்பையின் உள் ஜிப்பில் கருத்தடை மாத்திரை அட்டையைப் பார்த்தார். இருபத்தொன்றில் பதினொன்று காலி. அந்தப் பதினான்கு மாதமும் அவருடைய அம்மா மாதாமாதம் "ஏதாவது விசேஷமா?" என்று கேட்க, அவர் தனக்குத்தான் ஏதோ குறை என்று எண்ணி, யாருக்கும் தெரியாமல் விந்துப் பரிசோதனை வரை போய் வந்திருந்தார். என் முன்னால் உட்கார்ந்து அவர் கேட்டது ஒன்றுதான்: "ரெண்டு வருஷம்னு சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?"

சட்டமும் இந்த முன், பின் வித்தியாசத்தைப் பார்க்கிறது. 2007-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமர் கோஷ் – ஜெயா கோஷ் வழக்கில் கணவன் மனைவி இருவருமே ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். இரண்டு வருடத்துக்குக் குழந்தை வேண்டாம் என்று மனைவி தானாகவே அறிவித்தார் என்பது கணவரின் புகார்களில் ஒன்று. கல்யாணத்துக்குப் பிறகு கணவனோ மனைவியோ ஒருதலையாக, இந்தத் திருமணத்தில் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுப்பது மனரீதியான கொடுமையாகக் கருதப்படலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2009-ல் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில், குழந்தை பெறுவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது பெண்ணின் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்றும் சொல்லியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். உங்கள் உடலைப் பற்றிய முடிவு உங்களுடையது. அதைக் கல்யாணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளும் நியாயம் அவருக்கும் உண்டு.

நீர்க்கட்டியை மறைத்தால் கல்யாணமே செல்லாமல் போகுமா என்ற பயம் உங்களுக்கு வரலாம். இந்து திருமணச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, முக்கியமான ஓர் உண்மையை மோசடியாக மறைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்கிறது. உண்மை தெரிந்த ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும். சிகிச்சையில் கட்டுக்குள் வைக்கக்கூடிய நீர்க்கட்டி அந்த அளவுக்குப் போகும் என்று உங்களைப் பயமுறுத்த மாட்டேன். ஆனால் "மறைச்சுட்டாங்க" என்ற சொல் ஒருமுறை வந்துவிட்டால், அது கோர்ட் வரை போக வேண்டியதில்லை, வீட்டுக்குள்ளேயே வருடக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு முன் ஒரு பெண் இதைப் பேசுவதே முறையா என்ற கூச்சமும் வேண்டாம். ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோமே, ஏன்? சித்திரை வெயிலில் பிரசவம் வரக் கூடாது என்றுதானே பெரியவர்கள் சொல்கிறார்கள். குழந்தை எப்போது என்று நம் குடும்பங்கள் எப்போதும் கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கின்றன. அந்தக் கணக்கை இந்த முறை நீங்கள் இருவரும் போடுகிறீர்கள்.

இப்படி எழுதிப் பாருங்கள்

முதலில் உங்கள் ஆசை, அடுத்து காலமும் காரணமும், பிறகு உடல்நிலை, கடைசியில் அவருக்கான கேள்வி. இந்த வரிசை முக்கியம். உடல்நிலையை முதலில் வைத்தால் அவர் கண் அங்கேயே நின்றுவிடும். மற்றதெல்லாம் அதற்குச் சொல்லும் சாக்கு போல இருக்கும். அதைத் தனியாக இன்னொரு நாள் அனுப்பலாமா என்றால், அதுவும் வேண்டாம். இன்னும் என்னென்ன பாக்கி வைத்திருக்கிறாளோ என்று தோன்றும்.

"ஒரு விஷயம் ரொம்ப நாளா பேசணும்னு இருந்தேன். போன்ல ஆரம்பிச்சா பாதியில பேச்சை மாத்திடறேன். அதான் எழுதறேன்.

எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும். நமக்குன்னு ஒரு குழந்தை வேணும்னு ஆசையும் இருக்கு. ஆனா கல்யாணம் ஆன உடனே வேண்டாம்னு தோணுது. தம்பி கடன் முடிய மூணு வருஷம் ஆகும்னு சொல்லியிருக்கேன்ல, அதுவரைக்கும் சம்பளம் நின்னுடக் கூடாதுன்னு பயம். நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்து பழகவும் கொஞ்ச காலம் வேணும். மூணு வருஷம்ங்கறது என் மனசுல இருக்கற கணக்கு, அதுல முன்னபின்ன பேசலாம்.

இன்னொண்ணும் சொல்லணும். 22 வயசுல எனக்கு பிசிஓடி இருக்குன்னு டாக்டர் சொன்னாங்க. பீரியட்ஸ் சில சமயம் ரெண்டு மாசம் தள்ளிப் போகும். குழந்தை உண்டாகத் தாமதமாகலாம், அதுக்கு சிகிச்சை இருக்கு. இப்போ மறுபடி டாக்டரைப் பார்க்கப் போறேன். இதை நிச்சயத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும், சொல்லாதது என் தப்பு.

எப்போ அப்பா ஆகணும்னு உங்க மனசுல ஏதாவது கணக்கு இருக்கா? எனக்கு ஏத்த பதிலா இருக்கணும்னு இல்ல, நீங்க நினைக்கறதைச் சொல்லுங்க. உடனே வேண்டாம், யோசிச்சு ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொன்னாப் போதும். அதுவரைக்கும் இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

உங்கள் சொற்களில் மாற்றி எழுதுங்கள், அவருக்கு உங்கள் குரல் கேட்க வேண்டும். இதில் அவருடைய அம்மா சொன்னது எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். "தப்பு" என்பது ஒரே ஒரு முறை வருகிறது. அதற்கு மேல் மன்னிப்புக் கேட்டால் நீங்கள் நோயையே ஒரு குற்றமாக ஒப்புக்கொள்வது போல ஆகிவிடும். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அது யார் கைக்கு வேண்டுமானாலும் போகும். அவர் கேட்டால் நேரில் காட்டுங்கள்.

சம்பளம் நிற்கும் என்ற பயம் பற்றி ஒரு வார்த்தை: பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உங்கள் சட்ட உரிமை. காலத்தைக் குறைத்துப் பேச வேண்டி வந்தால் இது உங்களுக்கு உதவும்.

இரவு அனுப்பாதீர்கள். படித்துவிட்டுத் தூங்காமல் கிடப்பார், நீங்கள் நீல டிக்கைப் பார்த்துக்கொண்டு கிடப்பீர்கள். சனிக்கிழமை காலை நல்ல நேரம். அதற்கு முன், "நீளமா ஒண்ணு எழுதியிருக்கேன், தனியா இருக்கும்போது சொல்லுங்க, அனுப்பறேன். பயப்படற விஷயம் இல்ல" என்று ஒரு வரி போடுங்கள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று மட்டும் போட்டுவிட்டு மணிக்கணக்கில் காக்க வைப்பது கொடுமை.

பதில் எப்படி வந்தால் என்ன

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டால், ஏற்றுக்கொள்ளுங்கள். நியாயமான வருத்தம். அது தணிய ஒரு வாரம் கொடுங்கள்.

நான் அதிகம் எச்சரிப்பது இனிமையான பதிலைத்தான். "உன் இஷ்டம்மா", "அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்" என்று வந்தால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது மெதுவாக ஒன்று கேளுங்கள்: "தலை தீபாவளிக்கு உங்க அம்மா விசேஷமான்னு கேட்டா, நாம என்ன சொல்லலாம்?" இதற்கு அவர், "நாங்க ரெண்டு வருஷம் கழிச்சுத்தான்னு நானே சொல்லிடறேன்" என்றால், அவர் யோசித்திருக்கிறார். "நீ ஏதாவது சொல்லிச் சமாளி" என்றால், அந்தப் பாரம் முழுக்க உங்கள் தலையில்தான் வரும். அதை அப்போதே பேசிவிட வேண்டும். "அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றால் கோபப்படாமல், "முதல்ல நீங்க என்ன நினைக்கறீங்க?" என்று திரும்பக் கேளுங்கள்.

அவருக்கு உண்மையிலேயே சீக்கிரம் குழந்தை வேண்டும் என்றும் இருக்கலாம். அப்படிச் சொன்னால் காரணத்தைக் கேளுங்கள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, பேரக்குழந்தையைப் பார்த்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். "ஊர்ல என்ன சொல்வாங்க" என்பது வேறு. முதலாவதற்கு ஒன்றரை வருடம், இரண்டு வருடம் என்று நடுவில் ஓர் இடம் கிடைக்கும். தம்பியின் கடனை எப்படி முடிப்பது என்று இருவரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் காலம் தானாகக் குறையவும் கூடும். எது முடிவானாலும், மறுபடி எப்போது பேசுவது என்று ஒரு நாளையும் குறித்துக்கொள்ளுங்கள், முதல் கல்யாண நாள் என்று வைத்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அவர் "சரி" என்று போட்டது ஒப்பந்தம் ஆகாது. மனசு மாறும், உங்களுடையதும்தான்.

நீர்க்கட்டி என்ற வார்த்தையைக் கேட்டதும் உங்களைக் குறையுள்ள பொருளாகப் பேசினாலோ, வீட்டில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாலோ, கல்யாணத்தைத் தள்ளி வைக்க நான் யோசனை சொல்வேன். மண்டப முன்பணம் போனால் போகட்டும். குழந்தை தாமதமாவதற்குக் காரணம் தேடும்போது கிட்டத்தட்டப் பாதி தம்பதிகளில் ஆண் பக்கத்திலும் ஏதாவது இருக்கிறது. இன்று உங்கள் உடலைப் பற்றி இப்படிப் பேசுபவர், நாளை தனக்குப் பரிசோதனை என்றால் வர மாட்டார்.

உங்கள் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை இரவே சொல்லிவிடுங்கள். அனுமதி கேட்பது போலக் கேட்க வேண்டாம். "நாளைக்குக் காலையில அவர்கிட்ட சொல்லப் போறேன்" என்று சொன்னால் போதும். கொஞ்ச நேரம் திட்டுவார். அப்புறம் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பதில் வரும்வரை அந்தத் துணை உங்களுக்கு வேண்டும்.